தாலாட்டு வழக்கு

சட்டக் கல்லூரியில் தீங்கியல், அதாவது டார்ட்ஸ், பாடம் நடத்துபவன் நான். ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும்படி பத்திரிகை எழுதினால் என்ன பரிகாரம், பத்திரிகை எப்படித் தப்பிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படியிருந்தும் என்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்தபோது, தெரிந்தது எல்லாம் ஒரே நிமிடத்தில் மறந்துபோனது.

உள்ளூர் நாளிதழின் நிருபர், இருபத்தைந்து வயதுப் பெண், கல்லூரிகளின் தரத்தைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்லூரியின் முறை வந்தது. என்னைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதியிருந்தாள். நான் ஆண்டுதோறும் ஒரே கேள்வியை ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் தேர்வில் கேட்கிறேனாம். என் வகுப்பு ஒரு தாலாட்டாம். என் குறிப்புகளை நகல் கடை மூலம் மாணவர்களுக்கு விற்றுக் காசு பார்க்கிறேனாம்.

மாலைக்குள் ஆசிரியர் அறையில் என் பெயர் தாலாட்டு ஆகிவிட்டது. முதல்வர்கூட, ‘தாலாட்டு சார் எங்கே?’ என்று கேட்டுவிட்டு இருமினார்.

என் மனைவி வழக்கறிஞர். பாடம் நடத்துபவள் இல்லை, நிஜமாகவே வாதாடுபவள். பத்திரிகையைச் சமையல் மேடையில் விரித்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

“மூணாவது வாக்கியத்துக்குக் கேஸ் போடலாம். நீங்க எதையும் விக்கல, அது எனக்குத் தெரியும். மத்த ரெண்டையும் விட்டுடுங்க.”

“ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம்!”

“ஏங்க, அது அவ கருத்து. பொது விஷயம் பத்தி, நடந்ததை வச்சு, மனசார நெனச்சதைச் சொல்றா. நியாயமான கருத்துரை. நீங்கதானே இதைப் பாடமா எடுக்கறீங்க?”

“அவளுக்குக் கெட்ட எண்ணம் இருந்தா அந்தப் பாதுகாப்பு போயிடும். நான் ஃபெயில் போட்ட யாராவதாத்தான் இருப்பா.”

“யாராவதுன்னா? உங்ககிட்ட படிச்சவங்க முகம் உங்களுக்குத் தெரியாதா?”

“நீ மனுவை எழுது,” என்றேன். மூன்று வாக்கியத்துக்கும் சேர்த்து வழக்குப் போட்டோம். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

நீதிமன்றத்தில் பத்திரிகைக்காக எழுந்து நின்றவன் என் பழைய மாணவன். எனக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். கூண்டில் ஏறினேன்.

“ஐயா, காற்புள்ளிகூட மாத்தலன்னு எழுதினது பொய்னு சொல்றீங்க. எதை மாத்தினீங்க?”

“போன வருஷக் கேள்வியில நாய் கடிச்சுது. இந்த வருஷம் மாடு முட்டிச்சு.”

“மத்தபடி?”

“பக்கத்து வீட்டுக்காரர் அதே ஆள்தான்.”

நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. தலை குனிந்திருந்தது.

“இந்த நிருபர் எங்க கட்சிக்காரர்கிட்ட வேலை பார்க்கறவங்க. கெட்ட எண்ணத்தோட எழுதினாங்கன்னு சொல்றீங்க. இவங்களை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?”

“இல்லை. அதான் சொல்றேன், என் வகுப்புக்கே வராம எழுதியிருக்காங்க.”

அவன் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினான். கட்டுரை வருவதற்கு முந்தைய வாரத்து வருகைப் பதிவின் நகல். அவன் விளக்கினான்: அவள் இரண்டு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வராத ஒரு மாணவியின் பெயர் வந்தபோது அவளைப் பார்த்துத் தலையசைத்து, ‘வந்தார்’ என்று குறித்தது நான்தான். அவளை முன்பின் பார்த்ததில்லை என்றும் நானே சொல்லிவிட்டேன்; அறிமுகமே இல்லாதவளுக்கு என்மேல் எப்படிப் பகை வரும்? வகுப்புக்கே வரவில்லை என்ற வாதத்தையும் நானே கையெழுத்துப் போட்டுக் கொன்றிருந்தேன்.

என் மனைவி காப்பாற்றப் பார்த்தாள். மறுவிசாரணையில் எழுந்து, “செய்திக்கும் கருத்துக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க,” என்றாள். சுருக்கமாக என்ற சொல் என் காதில் விழவில்லை. இது என் பாடமாயிற்றே என்று நினைத்துக்கொண்டு, செய்தி என்பது மெய்ப்பிக்கக்கூடியது என்பதில் தொடங்கி, கருத்து படிப்பவருக்குக் கருத்தாகத் தெரிய வேண்டும், அதற்கு அடிப்படையான செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்று விரித்துக்கொண்டே போனேன். சுருக்கெழுத்தரின் விரல்கள் நின்றுவிட்டன. பின்னாலிருந்த காவலர் சுவரில் சாய்ந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

“போதும்,” என்றார். “புரிஞ்சுடுச்சு. வேற ஏதாவது சாட்சி இருக்கா?”

பத்திரிகையின் வழக்கறிஞன் அதற்குமேல் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அடுத்து நிருபர் கூண்டில் ஏறினாள். அங்கேதான் என் மனைவியின் கை ஓங்கியது. குரலை உயர்த்தவே இல்லை.

“நோட்ஸை இவர் விக்கறாருன்னு எப்படித் தெரியும்?”

“நகல் கடையில ‘சார் நோட்ஸ்’னு வச்சிருந்தாங்க. கடைக்காரர், சார் நோட்ஸ் நல்லா போகுதுன்னு சொன்னார்.”

“காசு இவருக்குப் போறதைப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“இவர்கிட்ட கேட்டீங்களா?”

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “கேக்கல. அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்,” என்றாள். நாங்கள் அழைத்து வந்திருந்த கடைக்காரர், நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, யாரோ பழைய மாணவன் கொடுத்த தாள்களை என் பெயரில் விற்றால் நன்றாகப் போகிறது என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

தீர்ப்பை நீதிபதி வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தார். கேள்வித்தாள் விஷயத்தில் நாய் மாடாக மாறியது உண்மைதான், ஆனால் சாரத்தில் எழுதியது உண்மை, அது போதும். தாலாட்டு என்பது கருத்து. வகுப்பில் மாணவர் தூங்கியதை அவள் நேரில் பார்த்திருக்கிறாள், அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியின் பாடம் பொதுமக்கள் அக்கறைப்பட வேண்டிய விஷயம், கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. மிகையாகச் சொன்னாலும் நேர்மையாகச் சொன்னால் பாதுகாப்பு உண்டு. மூன்றாவது அப்படியல்ல. விற்றார் என்பது செய்தி. செய்தியைக் கருத்து என்று சொல்லித் தப்ப முடியாது. அதை உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரிகையுடையது, அது நிரூபிக்கவில்லை. நல்லெண்ணத்தில் நம்பினேன் என்பது இங்கே போதாது. எனக்குச் சிறு இழப்பீடு கிடைத்தது.

பத்திரிகை தானாகவே திருத்தமும் வெளியிட்டது. ‘அவர் குறிப்புகளை விற்கவில்லை. தவறுக்கு வருந்துகிறோம். கட்டுரையின் மற்ற பகுதிகளில் மாற்றமில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ஊரில் எல்லோரும் பழைய கட்டுரையைத் தேடிப் படித்தார்கள்.

மாதம் முடிவதற்குள் நாளிதழின் ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். வழக்குச் செலவில் நொந்துபோயிருந்தார். அச்சுக்குப் போகும் முன் சர்ச்சையான கட்டுரைகளை யாராவது படித்துச் சொன்னால் நல்லது என்றார். நான் கௌரவமாகத் தயங்கினேன். என் மனைவி, “அவர் செய்வார்,” என்றாள்.

அன்றுமுதல் வாரத்தில் சில மாலை அச்சகத்துக்கு மேலே உள்ள சின்ன அறையில் உட்கார்கிறேன். அதே நிருபர்தான் கட்டுரையைக் கொண்டு வருவாள்.

“கான்ட்ராக்டர் லஞ்சம் கொடுத்தார்னு இருக்கு. யார் பார்த்தாங்க?”

“எல்லாரும் சொல்றாங்க சார்.”

“எல்லாரும் கூண்டுல ஏற மாட்டாங்கம்மா. ஆதாரம் கொண்டு வா, இல்லன்னா எடுத்துடு. ரோடு குப்பைன்னு எழுதினது இருக்கட்டும். நீ போய்ப் பார்த்தியா?”

“விழுந்தே பார்த்தேன் சார்.” முழங்கைக் கட்டைக் காட்டினாள்.

போன வாரம் ஓர் அரங்கின் நாடகத்தைப் பற்றி அவள் எழுதிய விமர்சனத்தை நான் ஒரு சொல்லும் நீக்காமல் அனுப்பினேன். கதாநாயகனாக நடித்தவர், கட்டுரைகளைப் படித்து அனுப்புவது நான்தான் என்று விசாரித்து, மறுநாளே தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

“மரக்கட்டைன்னு எழுதியிருக்காங்க சார்! இதை எப்படி விட்டீங்க?”

“அது கருத்துங்க. அவங்க முழு நாடகமும் உட்கார்ந்து பார்த்திருக்காங்க.”

“உங்களைப் பத்தி யாராவது எழுதினா அப்போ தெரியும் உங்களுக்கு!”

‘தெரியும்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.