இரக்கப்பட்டுக் குறைத்த ஊசிகள்

தென்காசியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சாரல் காலத்தில் அவர் வந்தார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பல் பிடுங்கியதிலிருந்து காய்ச்சல் விடவில்லை. சிறுவயதிலேயே பழுதுபட்டிருந்த இதய வால்வில் கிருமி குடியேறிவிட்டது, விட்டால் வால்வை அரித்துவிடும் என்றார் எங்கள் டாக்டரம்மா. நான்கு மணி நேரத்துக்கொரு தரம் பென்சிலின் ஊசி, வாரக்கணக்கில்.

எத்தனை பேருக்கு முதுகு பிடித்துவிட்டவர்! ஊசிக்குத் திரும்பிப் படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். இடுப்பு இரண்டும் கல்லாகிவிட்டன. ஒரு நாள் அவர் மனைவி டாக்டரம்மாவிடம் அழுதாள்.

"புரண்டு படுக்க முடியாம கெடக்காகம்மா. டி.பி. வார்டுல ஒரு நாளைக்கு ஒரு ஊசிதான போடுதாக? அதேமாதி எல்லாத்தையும் சேத்துப் போட்டுருங்கம்மா."

டாக்டரம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. மொத்த மருந்தைக் குறைக்கவில்லை. காலையும் மாலையும் இரண்டே ஊசியாக்கினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த மனிதர் அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

இறங்கியிருந்த காய்ச்சல் சில நாளில் திரும்ப ஏறியது. மருந்து கலப்படமோ என்று நான் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பு மருந்துல இல்ல சிஸ்டர். டி.பி.க்குப் போடுற ஸ்ட்ரெப்டோமைசின் வேற ஜாதி. ரத்தத்துல அளவு ஏற ஏற அதோட அடியும் பலமாகும். இறங்கின பிறகும் கிருமி கொஞ்ச நேரம் மயங்கிக் கெடக்கும். பென்சிலின் அப்படி இல்ல. தேவையான அளவுக்கு மேல எவ்வளவு கொட்டினாலும் வேகமாக் கொல்லாது. அந்த அளவு ரத்தத்துல எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுதான் கணக்கு. நாம கொட்டினது சிறுநீர்ல போயிடுச்சு. அடுத்த ஊசி வரைக்கும் கிருமி பெருகியிருக்கு."

அன்றே பென்சிலினை பாட்டிலில் கலந்து, இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறக்கினோம். அளவு இறங்கவே விடவில்லை. காய்ச்சல் போனது, கிருமியும் ஒழிந்தது. ஆனால் அதற்குள் வால்வு கிழிந்துவிட்டிருந்தது.

உயிர் பிழைத்தார், அவ்வளவுதான். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் மறுபடி தொடவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கொடுமைக்காரி ஒருத்தி டாக்டராக இருந்திருந்தால் அவர் வால்வு தப்பியிருக்கும்.

மாதாமாதம் காட்ட வருவார். ஒரு தடவை, டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்த நாலஞ்சு நாளு ரெண்டு ஊசியோட விட்டாகள்லா, அத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன் சிஸ்டர். என் வலி அம்மா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது."

டாக்டரம்மா குழலைக் காதிலிருந்து எடுக்கவில்லை.