காற்புள்ளியின் தொண்ணூறு ஜிபி

அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்தது பதிப்பகத்தை நடத்தும் அக்காதான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் இரண்டு மேசை, ஒரு மின்விசிறியோடு அந்த அலுவலகத்தைத் தொடங்கிய நாளில், முதல் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இவள் பதினான்கு காற்புள்ளிகளை எடுத்தெறிந்தாள். "நீ என்ன காற்புள்ளிக்கு ஜென்ம விரோதியா?" என்று அக்கா சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அச்சகத்திலிருந்து வரும் சிப்பங்களின் மேல்கூட அந்தப் பெயர்தான் எழுதியிருக்கும்.

கூடப் பிறந்த அக்கா அல்ல. ஆனால் குழந்தைகள் பிறந்தபோதும் கணவனுக்கு வேலை போனபோதும் வாசலில் வந்து நின்றவள். குழந்தைகள் வளர்ந்த பிறகு காற்புள்ளி வீட்டிலிருந்தே பிழை திருத்தத் தொடங்கினாள். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு மேசை. நாற்காலிக்குப் பின்னால் ஓரடிகூட இடமில்லை, சுவர்தான். காலை எட்டு மணிக்குக் கணினியைப் போட்டால் மாலை ஏழுக்குத்தான் அணைப்பாள். மதியம் சாப்பிட்ட கையோடு, வெளியூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு கடிதம் தட்டுவாள். அந்தக் கால்மணி நேரம் மட்டும் காற்புள்ளி எங்கே விழுந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பழைய வன்தட்டு கரகரவென்று கத்தியபோது, அக்கா தானே ஆள் அனுப்பி எஸ்எஸ்டி என்ற புது வகை வட்டைப் போட்டுக் கொடுத்தாள். "இது என் அன்பளிப்பு. காசு கீசுன்னு பேசினா அடி விழும்," என்றாள். கணினி கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. காற்புள்ளி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த அன்பளிப்புதான் இப்போது சாகப் போவதாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை காலை திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி: வட்டின் மிச்ச ஆயுள் பத்து சதவீதம், கோப்புகளை உடனே நகலெடுக்கவும். அவள் நகலெடுத்துவிட்டு, கணினியைத் துண்டில் சுற்றி, தெருமுனையில் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள். எதைக் கழற்றினாலும் ஒரு திருகு மிச்சம் வைத்துவிடுவார் என்று பழி.

"அண்ணே, இதை எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க. வேற வாங்கிக்கலாம்தான். ஆனா இது அக்கா கொடுத்தது. இது போச்சுன்னா அவங்க மட்டமான சரக்கு வாங்கிட்டாங்கன்னு ஆயிடும்."

"சாமானுக்கு எதுக்கும்மா வக்காலத்து? பாத்துடலாம்."

அவர் கணினியை மேசையில் வைத்து ஓடவிட்டார். எண்கள் வரிசையாக வந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"வீட்ல யாரு சினிமா எடுக்குறாங்க?"

"சினிமாவா?"

"வீடியோ எடிட்டிங்? கேம் ரெக்கார்டிங்? பையன் ஏதாவது?"

"பையன் ஹாஸ்டல்ல. இதுல நான் மட்டும்தான். எழுத்துப் பிழை பாக்குறேன். வேற ஒண்ணும் இல்ல."

"எழுத்துப் பிழை பாத்து எழுபத்திரண்டு டெராபைட் எழுத முடியாதும்மா. உலகத்துல அவ்வளவு பிழை கிடையாது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனிக்காரன் இந்த வட்டுக்கு எண்பது டெராபைட், அதாவது எண்பதாயிரம் ஜிபி, என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறான், அவ்வளவு எழுதும்வரை தேய்மானத்துக்கு அவன் பொறுப்பு, என்று அவர் விளக்கினார். வட்டுக்குள் எழுத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு சின்ன அறையையும் இத்தனை தடவைதான் அழித்து எழுத முடியும். அதற்கு மேல் தேய்ந்துவிடும்.

"அப்ப ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்துறேனே, அதனால அந்த இடம் ஓட்டையாயிடுச்சா?"

"நல்லா கேட்டீங்க. ஆகாது. ஆஸ்பத்திரி ஹால்ல நூறு நாற்காலி இருக்குன்னு வைங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் மின்விசிறிக்குக் கீழ இருக்குற நாலு நாற்காலியத்தான் தேய்ப்பாங்க. உள்ள ஒரு சின்ன சிப்பு மேற்பார்வையாளர் மாதிரி நிக்குது. ஒவ்வொரு தடவையும், 'நீ அங்க போ, நீ இங்க போ'ன்னு மாத்தி மாத்தி உக்கார வைக்கும். அசையாம ஒரே இடத்துல கிடக்குற பழைய கோப்பையும் அப்பப்ப எழுப்பி வேற இடத்துக்குத் தள்ளும். நீங்க ஒரே பக்கத்தை ஆயிரம் தடவை திருத்தினாலும் ஆயிரம் தடவையும் வேற வேற இடத்துலதான் விழும். அதனால எல்லா நாற்காலியும் ஒண்ணா, கொஞ்சம் கொஞ்சமாத் தேயும்."

"அப்போ இவ்வளவு சீக்கிரம் எப்படி?"

"அதான் கேள்வி. வீட்டுக் கணினி ஒரு நாளைக்குப் பத்து ஜிபி எழுதும். அதுலயும் பாதி அது தானா எழுதிக்கிறது. உங்க கணக்குக்கு எட்டுன்னு வைங்க, எண்பது டெராபைட் தீர இருபது வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள இந்தப் பெட்டியே காயலான் கடைக்குப் போயிருக்கும். வீட்ல எஸ்எஸ்டி செத்து நான் பாத்ததுல எழுதித் தேஞ்சு செத்தது ஒண்ணு ரெண்டு இருந்தாலே அதிகம். மத்தது எல்லாம் சிப்பு போகும், மின்சாரம் அடிக்கும், திடீர்னு மூச்சு நிக்கும். அதனாலதான் எவ்வளவு நல்ல வட்டுன்னாலும் நகல் எடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். உங்களுது அப்படி இல்ல. உங்களுது நிஜமாவே எழுதி எழுதித் தேஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமையையும் சேர்த்தா நாளுக்குத் தொண்ணூறு ஜிபி."

"வட்டுல இருநூறு ஜிபிதானே மொத்தமே? அவ்வளவும் எங்க இருக்கு?"

"இருக்காது. எழுதி எழுதி அழிச்சிருக்காங்க. அழிச்சது போயிடும். ஆனா எவ்வளவு எழுதினோம்னு ஒரு எண் இருக்கு பாருங்க, அது ஏறும், இறங்கவே இறங்காது."

அவர் இன்னொரு சாளரத்தைத் திறந்தார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. ஒரு வரி மட்டும் நொடிக்கு இரண்டரை எம்பி வீதம் எழுதிக்கொண்டே இருந்தது. அதன் பெயர் 'திரை உதவி'.

ஸ்க்ரூ அண்ணன் அந்த நிரல் எழுதும் கோப்புறையைத் தேடிப்பிடித்தார். நேற்றைய தேதியில் பதினொரு கோப்புகள், மணிக்கு ஒன்று. மதியத்துக் கோப்பை அழுத்தினார். திரைக்குள் அவளுடைய திரை ஓடியது. அவளுடைய அம்புக்குறி அசைந்தது. தங்கைக்கு அவள் எழுதிய கடிதம் எழுத்தெழுத்தாக முளைத்தது. "மாமனார் வீட்டுப் பேச்சை எடுக்காதே, எனக்கு வாந்தி வருகிறது," என்ற வரியை அவள் எழுதி, அழித்து, வேறு மாதிரி எழுதினாள். அந்த அழிப்பும் இருந்தது.

அவர் உடனே நிறுத்தினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் படிக்கலம்மா," என்றார். படித்திருந்தார்.

நிரலின் அமைப்புகளில் மீதி இருந்தது. மாலையில் கணினியை அணைக்கும்போது அன்றைய பதிவு ஒரு சின்னச் சுருக்கமாகி ஒரு முகவரிக்குப் போகும். தடித்த கோப்புகள் மறுநாள் அழியும். நிறுவிய தேதி, வட்டு போட்ட அதே தேதி. முகவரி, பதிப்பகத்தின் முகவரி.

காற்புள்ளி அந்த முகவரியைப் பிழை திருத்துபவளின் கண்ணோடு மூன்று தடவை வாசித்தாள். ஓரெழுத்துக்கூடத் தப்பாக இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் மற்றொன்று உறைத்தது. ஆறு மாதத்துக்கு முன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. தங்கைக்கு மட்டும் எழுதினாள். இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசியில், "உன் குரலே சரியில்ல. உடம்புக்கு ஏதோ இருக்கு, எனக்குத் தெரியும். பொம்பளைங்க சமாச்சாரத்துக்கு நல்ல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாரு," என்றாள். போனாள். கட்டி தீங்கில்லாதது என்று தெரிந்தது. அன்றிரவு தங்கைக்கு எழுதினாள்: "கூடப் பிறக்கவில்லை, ஆனால் என் குரலைக் கேட்டே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறாள். இப்படி ஒருத்தி இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

அதையும் அக்கா வாசித்திருப்பாள்.

மறுநாள் அலுவலகத்தில் அக்கா எழுந்து நின்று வரவேற்றாள். "வாடி புள்ளி! அதிசயமா இருக்கு."

"அந்தத் திரை உதவி என்ன அக்கா?"

அக்காவின் முகம் வாடவில்லை, உடையவும் இல்லை. அதுதான் காற்புள்ளிக்குப் பொறுக்கவில்லை.

"அதா? எல்லார் மெஷின்லயும் போட்டிருக்கேன். வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு இப்ப எல்லா எடத்துலயும் இதான் வழக்கம். உன்மேல சந்தேகம்னு நெனக்காத."

"சந்தேகம் இல்லன்னா எதுக்கு?"

"ஒரு ஒழுங்குக்குத்தான்."

"என் தங்கச்சிக்கு எழுதுற கடிதாசிலயா ஒழுங்கு?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "முதல்ல வேலையைத்தான் பாத்தேன். அப்புறம்... உன் பக்கம் வந்தா நிறுத்த முடியல. நீ என்கிட்ட பேசறதவிட அதுல நல்லா பேசுற."

"டாக்டரம்மாகிட்ட அனுப்பினப்போ, என் குரலைக் கேட்டே தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"நல்லதுதானே பண்ணேன்? கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கணுமா? சொல்லு. நான் சொல்லலன்னா நீ போயிருப்பியா?"

போயிருக்க மாட்டாள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்பு பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அன்பு இருந்தது. அவள் நம்பிய வழியில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பத்தொன்பது வருடத்தையும் பின்னோக்கி அரித்துக்கொண்டு போனது. வாசலில் வந்து நின்றதெல்லாம் எப்படித் தெரிந்து வந்து நின்றாள்? அன்றைக்குக் கணினியே இல்லை என்று தெரிந்தும் மனம் கேட்டது.

கைப்பையிலிருந்து வட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஸ்க்ரூ அண்ணன் கழற்றி, அதிலிருந்த அவளுடைய கோப்புகளைத் துடைத்துக் கொடுத்திருந்தார். இந்த முறை திருகு மிச்சமில்லை.

"இது கெட்டுப்போச்சா?" என்றாள் அக்கா.

"இல்ல. இன்னும் எட்டு டெராபைட் இருக்காம். ஒழுங்கா எழுத மட்டும் எழுதினா மூணு வருஷம் போல வரும். அதுக்கப்புறமும் ஓடலாமாம், அன்னிக்கே நின்னுடணும்னு இல்லையாம். உத்தரவாதம்தான் இருக்காது."

"அப்ப நீயே வெச்சுக்கோ."

"வேணாம் அக்கா."

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு அதே டாக்டரம்மாவிடம் போனாள். உடம்புக்கு இந்தச் சண்டை தெரியாது. காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கூட்டம். அவள் மூலையில், உறைகூடக் கசங்காத ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். செவிலி பழைய படிவத்தை நீட்டி, "விவரம் எல்லாம் சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

'பரிந்துரைத்தவர்' என்ற கட்டத்தில் ஏழு மாதத்துக்கு முன் அவள் கையாலேயே எழுதிய சொல் இருந்தது: தோழி.

பேனாவைத் திறந்து அடிக்கப் போனாள். கை நின்றது. பிழை திருத்தும்போது, எழுதியவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாத சொல் என்று தோன்றினால், அவள் அதைத் தொடமாட்டாள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். கட்டத்துக்கு வெளியே, சின்னதாக, அதைப் போட்டாள்.

செவிலி படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது என்னங்க, கேள்விக்குறி?"

"கேக்கணும்," என்றாள் காற்புள்ளி. "யார்கிட்ட கேக்கறதுன்னுதான் தெரியல."