முதல் இரண்டு வரி

கடைகளுக்கு ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனியில், டெமோ வீடியோக்களுக்குக் கீழே விவரம் எழுதுவதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு. என்னென்ன வசதி, யாருக்குப் பயன்படும், எந்த நிமிடத்தில் என்ன வரும், கடைசியில் தொடர்புக்கு ஒரு லிங்க். ஆபீஸில் எல்லாருக்கும் அவள் ‘எழுத்தக்கா’.

அன்று மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். “‘நெட் இல்லாமலும் ஓடும்’னு முதல் ரெண்டு வரியிலயே போடும்மா. கீழ இருக்கறத எவன் ‘மோர்’ அழுத்தி விரிச்சுப் படிக்கப் போறான்?”

“சார், அந்த வசதியைச் செய்யவே ஆரம்பிக்கலையே.”

“வரும்மா. அதுக்குள்ள நாலு பேர் வாங்கட்டும்.” பல்லைக் காட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அப்படியே டைப் அடித்துக் கொடுத்தாள்.

லிங்க்கை அழுத்துகிறவர்களின் கேள்விகளும் அவள் தலையில்தான் விழும். மறுநாள் இருபது பேர் கேட்டிருந்தார்கள், நெட் இல்லாமல் நிஜமாகவே ஓடுமா என்று. அதில் ஒருவர் அவளுடைய சித்தப்பா. அவருடைய குடோனில் சிக்னலே கிடைக்காது. எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது.

உடனே போன் போட்டாள். “வாங்கித் தொலைக்காதீங்க சித்தப்பா, சுத்தப் பொய்! வெக்கங்கெட்டவனுங்க!”

போனை வைத்துவிட்டு, மேனேஜரை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே, மற்ற பத்தொன்பது பேருக்கும் பதில் அனுப்பினாள்: “ஆம், ஓடும்.”