கதவைப் பூட்டிய நடிகர்

எங்கள் எடிட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. படத்தை வெட்டுவதால் மட்டும் அல்ல, பேச்சும் அப்படித்தான். பக்கத்து அறையில் படங்களுக்கு ஒலி சேர்க்கிறவன் நான். என்னை அவள் ‘காது’ என்றுதான் கூப்பிடுவாள். பதினாறு வருஷம் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அவள் செருப்பைக் கழற்றி அதில் தட்டுவாள்.

கல்யாண வீடியோ வெட்டித்தான் தொழிலுக்கு வந்தாள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா அழுத நேரம் கேமராக்காரர் டீ குடிக்கப் போயிருந்தாராம். திரும்பி வந்து, "சார், இன்னொரு வாட்டி அழுங்க" என்றாராம். அவரும் அழுதாராம். அதை வெட்டி ஒட்டிய அன்றே அந்த வேலையை விட்டுவிட்டு ஆவணப்படத்துக்கு வந்தாள். "இங்கயாச்சும் நெஜமா அழுவாங்கன்னு நெனச்சேன் காது" என்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். திரையில் அடுக்கியிருக்கும் துண்டுகளுக்கு நிறம் கொடுப்பாள். நடந்தபோதே எடுத்தது நீலம். பழைய சேமிப்பிலிருந்து வாங்கியது மஞ்சள். நடிகர்களை வைத்து எடுத்தது சிவப்பு. ஒவ்வொரு சிவப்புத் துண்டுக்கும், இது யார் சொன்னதை வைத்து எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வைப்பாள். ஆதாரம் எழுத முடியாத துண்டு படத்தில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ இயக்குநர்களின் உயிரை வாங்கியிருக்கிறாள்.

கடைசியாக வந்தவர் ஒரு துணிக்கிடங்கு தீ விபத்தைப் படமாக எடுத்தவர். பட்டப்பகலில் பிடித்த தீ. ஆறு பேர் செத்தார்கள். பின்கதவு பூட்டியிருந்தது. யார் பூட்டியது என்று விசாரணையில் கடைசி வரை தெரியவில்லை. பின்பக்கம் கேமராவும் கிடையாது. கிடங்குக் காவலாளியை இரண்டு வருஷம் அலைக்கழித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நடிகருக்குக் காவலாளி போடுகிற காக்கி உடுப்பை மாட்டி, பின்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டே போகிற மாதிரி எடுத்து வந்தார்.

"இதுக்கு ஆதாரம் என்ன எழுதறது?" என்று கேட்டாள் கத்திரி.

"கதவு பூட்டியிருந்துச்சுல்ல? யாரோ ஒருத்தர் பூட்டித்தானே ஆகணும்?"

"அந்த யாரோ ஒருத்தருக்கு ஏன் சார் காக்கி போட்டீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

அப்போதே அவள் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒலி பொருத்த எனக்கு அடையாளம் வேண்டுமே என்று, எப்போதும் போல, படத்தின் ஓரத்தில் ஓடுகிற நேர எண்களை ஏற்றி அனுப்பினாள். அதைப் பார்த்ததும் இயக்குநருக்குக் கண் பளபளத்தது. "அட, கண்காணிப்புக் கேமரா மாதிரியே இருக்கே. அந்த நம்பருக்குப் பதிலா தீப்பிடிச்ச தேதியும் மணியும் போடுங்க. கலரை எடுத்துட்டுக் கொஞ்சம் புள்ளி புள்ளியா ஆக்குங்க."

இவள் பிடித்த பிடியில் நின்றாள். காட்சி முழுக்க மேலே ‘சித்தரிப்புக் காட்சி’ என்ற எழுத்து நிற்க வேண்டும், பூட்டியதை யாரும் பார்க்கவில்லை என்று பின்னணிக் குரல் சொல்ல வேண்டும். இயக்குநர் உடனே சரி என்றார். அவளும் தேதியையும் மணியையும் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளைச் சந்தேகப்படத் தெரியாமல் போய்விட்டது எங்களுக்கு.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சாவிச் சத்தம் என்னுடையது. என் வீட்டுச் சாவிக்கொத்தைப் பதினோரு தரம் ஆட்டிப் பார்த்து, நல்ல அலட்சியமான சத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கத்திரியின் தங்கை அவளுக்கு ஒரு துண்டு வீடியோ அனுப்பினாள். கூடவே, ‘பாருக்கா, கேமராவுல மாட்டிக்கிட்டான் பாவி’ என்று எழுதியிருந்தாள். இருபது வினாடி. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, முகம் தெரியாத அளவுக்குப் புள்ளி இருக்கிறது. ‘சித்தரிப்புக் காட்சி’ என்ற எழுத்தும் பின்னணிக் குரலும் மட்டும் இல்லை.

நடந்தது இதுதான். வேற்றுமொழிக்கு மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று எழுத்துகளை எடிட்டர்கள் தனி அடுக்கில் வைப்பார்கள். அவளும் அப்படித்தான் வைத்தாள். தேதியும் மணியும் மட்டும் படத்தோடு ஒட்டிப் போயிருந்தன. முன்னோட்டத்துக்காக இயக்குநர் எழுத்து அடுக்கையும் பின்னணிக் குரலையும் அணைத்துவிட்டார். உண்மை சொன்னது கழன்றுபோய், பொய் சொன்னது ஒட்டிக்கொண்டு நின்றது.

போனில் கேட்டதற்கு, "முன்னோட்டத்துல போய் அதெல்லாம் எதுக்கும்மா? முழுப்படத்துல இருக்குல்ல?" என்றார். வாய் கூசவில்லை அவருக்கு. கத்திரி போனை மேஜைமேல் கவிழ்த்துவிட்டுப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

மறுவாரம் காவலாளி வந்தார். ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தாராம். வீடியோவைப் பார்த்த பெற்றோர்கள் கத்தி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவருகில் நின்றேன். அவர் சண்டை போடவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அந்தக் கேமராப் படத்தை முழுசாக் காட்டுங்கம்மா. நான் பூட்டினதா எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா அதுல பூட்டறேனே. ஒருவேளை நான்தான் பூட்டிட்டேனோன்னு…"

ஊரை ஏமாற்றியது போதாதென்று, செய்யாதவனையே செய்தேனோ என்று நினைக்க வைத்துவிட்டோம். அந்தச் சாவிக்கொத்து அப்போதும் என் சட்டைப்பையில் கிடந்தது.

கத்திரி திரையின் பக்கம் திரும்பி, வெட்டாத மூலப் படத்தைப் போட்டாள். எல்லாம் கலரில் இருந்தது. நடிகர் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வாயைத் துடைக்கிறார். "இவ்வளவு சோகம் வேணாம். அலட்சியமா, வீட்டுக்குக் கெளம்பற மாதிரி பூட்டுங்க" என்று இயக்குநரின் குரல் கேட்கிறது. நடிகர் பூட்டுகிறார். ஆறு தரம் பூட்டுகிறார்.

"இவர் நடிகர்ண்ணே. நீங்க இல்ல."

"அப்ப நான் எங்கம்மா இருந்தேன்?"

அவள் இன்னொன்றைப் போட்டாள். நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் கேமராவுக்கு அவரே கொடுத்த பேட்டி. படத்தில் எட்டு வினாடிதான் வைத்திருந்தோம். மூலத்தில் நாற்பது நிமிஷம் இருந்தது. முன்வாசலில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதை, கை எப்படி வெந்தது என்பதை, நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தார். தன் குரலையே அவர் அந்நியன் குரல் போலத் தலை சாய்த்துக் கேட்டார்.

அன்றைக்கே அவள், படத்தை ஒளிபரப்ப இருந்த தொலைக்காட்சியில் சரிபார்க்கிற அதிகாரிக்கு ஆதாரத் தாளை அனுப்பினாள். சிவப்பு வரிக்கு எதிரே ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதி, ‘தேதியையும் மணியையும் போட்டது நான். தப்பு என்னுடையதும்தான்’ என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் காட்சியைத் தூக்கினார்கள். அங்கே இப்போது வெறும் கதவு நிற்கிறது. முன்னோட்டத்தில் வந்தது நடிகர் என்று தொலைக்காட்சி ஒரு மறுப்பும் போட்டது. அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் காவலாளியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இயக்குநர் படத்திலிருந்து கத்திரியின் பெயரை எடுத்துவிட்டு, ஒரு மேடையில் ஆவணப்பட நேர்மையைப் பற்றிப் பேசினார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து துப்பினால்தான் வாய் சரியாகும் போலிருந்தது.

கத்திரி இப்போதும் நிறம் கொடுக்கிறாள். ‘சித்தரிப்புக் காட்சி’ என்பதைத் தனி அடுக்கில் வைப்பதில்லை. படத்தோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறாள். வேற்றுமொழிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்கிறாள்.

மாதத்துக்கு ஒரு தரமாவது அவளுக்குக் காவலாளியின் போன் வரும். எங்கோ யாரோ அந்த இருபது வினாடியை அவருக்கே மறுபடி அனுப்பியிருப்பார்கள்.

"அம்மா, அது நடிகர்தானே?"

"நடிகர்தாண்ணே. நீங்க முன்வாசல்ல இருந்தீங்க."

"ஆமாம்மா. முன்வாசல்லதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அடுத்த மாதம் மறுபடி கேட்பார்.