பெயர் போடாத துண்டுகள்

மானிப்பாயில் தனியார் வகுப்பொன்றில் இரசாயனம் படிப்பித்தபோது, என் படிப்பித்தலைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதித் தரும்படி மாணவர்களிடம் கேட்டேன். நாற்பது துண்டுகள் வந்தன. “இவருக்குப் படிப்பிக்கத் தெரியாது. வேறை வேலை பார்க்கலாம்” என்றது ஒன்று.

உண்மைதானோ என்று ஒரு கணம் கூசினேன். அடுத்த கணம் உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில், திருத்தக் கொண்டுவந்த மாணவர்களின் பயிற்சிக் கொப்பிகளை விரித்து அந்தக் கையெழுத்தைத் தேடினேன். பிடிபட்டால் வகுப்பைவிட்டே துரத்துவதென்று முடிவு.

“ஆரெண்டு தேடாதேங்கோ,” என்று மனைவி கொப்பிகளை மூடினாள். “ஏச்சைத் தள்ளி வையுங்கோ. எத்தினை பேர் ஒரே குறையைச் சொல்லுகினமெண்டு பாருங்கோ.”

எண்ணினேன். பதினாறு பேர், நான் கரும்பலகையைப் பார்த்தே கதைப்பதால் ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஏச்சுத் துண்டின் அடியிலும் அதுவே இருந்தது.

எழுதியவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து கரும்பலகை பார்த்தது என் முதுகைத்தான்.