ந. பஹீமாவின் பதினொரு திருத்தங்கள்

எங்கள் வீட்டில் எல்லாம் என் பெயரில்தான் இருக்கும். கேஸ் இணைப்பு என் பெயரில், மின்சார வாரியத்து அட்டை என் பெயரில், என் தங்கை பஹீமா பேசுகிற சிம் கார்டு கூட என் பெயரில். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. காகிதம் நீட்டுகிற இடத்திலெல்லாம் உம்மா, "அஃப்ரித் பேர்ல போட்டுருங்க" என்று சொல்லிப் பழகிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பஹீமா காரைக்காலிலேயே கணினி அறிவியல் படித்தாள். வகுப்பில் இரண்டாவது. அவளுக்கு முதலிடம் கிடைக்காதது அந்த வருடம் முழுக்க என் கேலிக்கு உதவியது. படிப்பு முடிந்து நாற்பது கம்பெனிகளுக்கு எழுதினாள். "அனுபவம் இல்லை" என்று பதில் போட்டவர்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் போலகம் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். பெயர், வயது, ஊர் கேட்டுக் கணினியில் ஏற்றி, சீட்டு கொடுக்கிற வேலை. ஆறு வருடம் அதைச் செய்தாள்.

அந்த கவுன்ட்டரில் ஒரு தொல்லை இருந்தது. முகம்மது இப்ராஹிம் என்று ஒருவர் போன மாதம் வந்திருப்பார். இந்த மாதம் வேறொரு பெண் தட்டச்சு செய்யும்போது முகமது இப்ராகிம் ஆகிவிடுவார். அடுத்த மாதம் மொஹம்மது இபுராஹீம். ஓர் எழுத்து பிசகினாலும் கணினி அப்படி ஓர் ஆளே இல்லை என்று சாதிக்கும். புதுக் கோப்பு திறப்பார்கள். ஒரே மனிதருக்கு மூன்று கோப்பு, அவருடைய சர்க்கரை அளவு ஒன்றில், ஒவ்வாமை விவரம் இன்னொன்றில். எங்கள் பெயர்கள் அரபியில் பிறந்து தமிழில் வாழ்கிறவை, ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள். என் தங்கையையே பஹீமா, பகீமா, ஃபஹீமா என்று மூன்று சான்றிதழ்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

அந்த கவுன்ட்டரில் ஓடிய மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். அதாவது அதன் கோடு, அதை இயக்குகிற நிரல் வரிகள், முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம், பொறுப்பாளர்கள் பார்த்து ஏற்றால் உலகம் முழுக்க அந்தத் திருத்தம் போகும். இரண்டு வருடத்துக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் பழைய லேப்டாப்பை அவளிடம் கொடுத்திருந்தேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அதைத் திறந்து உட்காருவாள். முதலில் தமிழ்த் திரையில் இருந்த ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு உம்மாவிடம் போய், "நம்ம திருத்தம் ஆப்பிரிக்காவுலயும் ஓடும் உம்மா" என்றாளாம். "அங்க தமிழா படிக்கிறாஹ?" என்று உம்மா கேட்டிருக்கிறார்.

பிறகுதான் பெயர் தேடலில் கை வைத்தாள். ஹ வருகிற இடத்தில் க வரலாம், ஃப வருகிற இடத்தில் ப வரலாம், குறிலும் நெடிலும் மாறலாம் என்று விதிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சோதனையும் எழுதி அனுப்பினாள். அந்த மென்பொருள் திட்டத்தின் பொறுப்பாளர் சிதம்பரநாதன் கோயம்புத்தூர்க்காரர். ஒரு வரி விடாமல் பார்க்கிறவர். இதை மாற்றுங்கள், இந்தச் சோதனை போதாது என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார். நான்கு முறையும் சலிக்காமல் சரி செய்தாள். கடைசியில் அவர் ஒரு யோசனை சொன்னார்: பெயர், வயது, கணவர் பெயர் மூன்றும் ஒத்துப்போனால் கணினியே இரு கோப்புகளையும் ஒன்றாக்கிவிடட்டுமே?

பஹீமா மறுத்தாள். 'ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தெரு, கணவர்கள் பெயரும் ஒன்று, இப்படி இரண்டு பெண்கள் போன திங்கட்கிழமை என் முன்னால் நின்றார்கள். ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது. கணினி பட்டியலைக் காட்டட்டும். ஒன்றாக்குவதை, ஆளைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கவுன்ட்டரில் இருப்பவர் செய்யட்டும்' என்று எழுதினாள். எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் பத்தொன்பது நாள் அந்த வாக்குவாதம் நடந்தது. முடிவில் சிதம்பரநாதன், 'நீங்கள் சொல்வதுதான் சரி' என்று எழுதி ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பேச்செல்லாம் அவள் தன் கணக்கில்தான் எழுதினாள். ஆனால் அந்தக் கணக்குக்கு வைத்த பெயர் 'காரைக்கால்609602'. எங்கள் ஊரும் பின்கோடும். சொந்தப் பெயரை வெளியே போடக் கூச்சம். அது ஒரு தப்பு. இன்னொரு தப்பு அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகும். அதை லேப்டாப்பில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், பிறகு தானாகப் போகும். என்றோ ஒரு பயிற்சி வகுப்புக்காக நான் அமைத்து வைத்திருந்தேன். பதினொரு திருத்தங்களும் அஃப்ரித் என்ற பெயரில் போயிருந்தன. அண்ணனை நானா என்று கூப்பிடுகிற, எல்லாம் அந்த நானா பெயரிலேயே இருக்கிற வீட்டில் வளர்ந்தவள், இது யார் பெயரில் போகிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஷார்ஜாவில் எங்கள் கம்பெனியை மூடினார்கள். நான் ஊருக்கு வந்தேன். மூன்று மாதத்தில் அறுபது இடங்களுக்கு விண்ணப்பித்தேன். அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நிலா. சென்னையில் மருத்துவமனைகளுக்கு அதே மென்பொருளை அமைத்துக் கொடுக்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிற பொறுப்பில் இருப்பவர். 'பெயர் தேடலில் நீங்கள் செய்ததையும் அதற்கான விவாதத்தையும் முழுதாகப் படித்தேன். எங்கள் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். பேசலாமா?'

படித்தவுடனே எனக்குத் தெரியும். இது பஹீமாவுக்கு வந்தது. தெரிந்தேதான் சம்மதம் என்று பதில் போட்டேன். என் பெயர், என் மின்னஞ்சல், என் லேப்டாப் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வேலை கிடைத்தால் வீட்டுக்குத்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். அவள் எழுதிய கோடு முழுவதையும் நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று என்று நேரம் குறித்தேன். அவள் கவுன்ட்டரில் இருக்கிற நேரம் அது.

நிலா நிதானமாகப் பேசினார். கோடு பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பிறகு கேட்டார்:

"அந்த ரெண்டு பெண்கள் உங்க முன்னாடி நின்னாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல? எல்லாமே ஒண்ணா இருக்கு. அப்ப கவுன்ட்டர்ல அவங்கள எப்படிப் பிரிச்சீங்க?"

முகத்தைப் பார்த்து என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அது நான் இல்லீங்க," என்றேன். "என் தங்கச்சி. திருத்தம் எல்லாமே அவ செஞ்சது. லேப்டாப்புல என் பேரு இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். "இப்ப நீங்க சொல்றதையும் நான் எப்படி நம்புறது? அவங்கள அந்த காரைக்கால் கணக்குலேர்ந்து எழுதச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பார்ப்போம்" என்று சொல்லித் திரையை அணைத்தார்.

இரண்டரை மணிக்கு பஹீமா வந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"நாப்பது எடத்துக்கு எழுதுனேன் நானா," என்றாள். "ஒரு ஆளு தேடி வந்திருக்காஹ. அதையும் நீங்க திறந்து படிச்சிட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டளை தட்டினாள். திரையில் என் பெயர் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அதை அழித்துத் தன் பெயரை, தன் மின்னஞ்சலை அமைத்தாள். தன் கணக்கிலும் முதல்முறையாக ந. பஹீமா என்று போட்டாள். திட்டத்தின் பக்கத்தில் எழுதினாள்: 'இந்தப் பதினொரு திருத்தங்களும் நான் செய்தவை. லேப்டாப்பில் என் அண்ணன் பெயர் அமைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. என் தவறு.' என்னைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை.

சிதம்பரநாதன் வழி சொன்னார். நடந்த பதிவுகளை அழித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் பெயர் மாறாட்டங்களைக் குறித்து வைக்கவென்றே ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரு வரி சேர்த்தால், பங்களித்தவர்கள் பட்டியல் எடுக்கும்போதெல்லாம் சரியான பெயர் வரும். பஹீமா அந்த வரியை எழுதிக் கொடுக்க, அவரே தன் பெயரில் சேர்த்துவிட்டார். சரியான பெயர் இடப்பக்கம், தவறான பெயர் வலப்பக்கம். வலப்பக்கத்தில் நான் இருக்கிறேன். இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

நிலாவுக்கும் தனியாக எழுதினாள். எட்டு நாள் பதில் இல்லை. அந்த எட்டு நாளும் அவள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். நான் வீட்டில் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. கதவைத் திறந்து வைத்துத்தான் பேசினாள். அதே கேள்வியை நிலா கேட்டது என் காதில் விழுந்தது.

"ரெண்டு பேருகிட்டயும் அவங்க உம்மா பேரைக் கேட்டேங்க," என்றாள் பஹீமா. "ஃபாரத்துல வாப்பா பேரு, இல்லாட்டி மாப்பிள்ளை பேருக்குத்தான் ஒரு கட்டம் இருக்கு. உம்மா பேருக்கு இல்ல. நான் சீட்டுல பென்சிலால எழுதி வச்சுக்குவேன். அந்தக் கட்டத்தையும் சேர்க்கணும்னு அடுத்த திருத்தமா எழுதிக்கிட்டிருக்கேன்."

மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு உம்மா வாசற்படியில் நின்றிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது.

பஹீமா இப்போது அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறாள். உம்மா பெயர்க் கட்டத்துக்கான அவளுடைய திருத்தத்தைச் சிதம்பரநாதன் இன்னும் ஏற்கவில்லை, இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் புது லேப்டாப் அனுப்பினார்கள். பழையது என்னிடமே திரும்பி வந்தது. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. போன வாரம், வெட்கத்தை விட்டு, நானும் அந்தத் திட்டத்தில் ஒரு சிறிய குறையை எடுத்துக்கொண்டேன். தேதி தவறாகக் காட்டுகிற ஓர் இடம். மூன்று நாள் ஆனது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.

கோடு முழுவதையும் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு அந்த லேப்டாப்பிலேயே பங்களித்தவர்கள் பட்டியலை எடுத்தாள், இன்னும் அனுப்பாததையும் சேர்த்து எண்ணுகிற பட்டியல் அது. தன் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

"பன்னெண்டுன்னு காட்டுது நானா."

இந்த லேப்டாப்பில் இப்போது அவள் பெயர் அமைந்திருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "ஒண்ணுதானே. உன் பேர்லயே இருக்கட்டும்."

"நான் செஞ்சது பதினொண்ணு," என்றாள் பஹீமா. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். "உங்க பேரைப் போடுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."