வெட்டாத கால்வாய்

மலாய் நாட்டு மராமத்து இலாகாவில் ஓவர்சியராகக் குப்பை கொட்டிய காலத்தில் நான் அளவுப் புத்தகத்தில் ஒரு பொய்தான் எழுதினேன். அதைக் காப்பாற்றப் பிறகு இன்னொன்று எழுத வேண்டியிருந்தது. இதைக் குறைவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஆயர் ஈத்தாம் போகும் வழியில், எங்கள் சாலைக் கூலிகளுக்காகப் வரிசை வீடாகப் பத்து அறை லயன் ஒன்று கட்ட அனுமதி கிடைத்தது. எஸ்டிமேட் போட்டவன் நான். அஸ்திவாரம், சுவர், தகரக் கூரை, கடைசியில் பின்பக்கம் இருநூறு அடிக்குச் செங்கல் கால்வாய். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் ஓடைக்குப் போக அது ஒன்றுதான் வழி. ஒரு சீனக் கண்டிராக்டர் வேலையை எடுத்தார்.

வேலை ஏற ஏற நான் அளந்து புத்தகத்தில் எழுதுவேன். அதை வைத்து, அதுவரை முடிந்த வேலைக்கு ரன்னிங் பில் போகும். பில்லில் சேர்ந்த பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு விழும். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போய்விடக் கூடாதல்லவா. அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் எனக்கு அப்போது பெரிய மரியாதை.

டிசம்பர் கடைசி வாரத்தில் கால்வாய் மட்டும் பாக்கி. செங்கல் வந்து சேரவில்லை. அந்த வருஷத்துப் பணத்தை மாதம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் சர்க்காருக்கே திரும்பிப் போய்விடும். மறுவருஷத்துக்குக் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் ஏன் முடியவில்லை என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எங்கள் எஞ்சினியர் துரையோ லீவில் சீமைக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். “ஜனவரியில் முடித்துவிடுவான், எழுது” என்றார். கண்டிராக்டரும் தலையாட்டினார்.

நான் மேசையில் உட்கார்ந்தபடி, டேப்பைத் தொடாமலே, கால்வாய் இருநூறு அடி என்று எழுதினேன். சரிபார்த்ததாகத் துரை கையெழுத்துப் போட்டார். கடைசி பில், வேலை முடிந்ததற்கான சான்று, சிவப்புக் கோடு எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தன.

ஜனவரியில் துரை கப்பலேறினார். கண்டிராக்டருக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், பெரிய வேலை கிடைத்தது. நான் தேடிப் போய்க் கேட்டபோது, “முடிந்ததென்று நீதானே எழுதினாய்?” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

லயனின் கடைசி அறை பள்ளத்தில் இருந்தது. அதில் சாலைக்குக் கல் சுமக்கும் ஒரு பெண், அவள் புருஷன், மூன்று வயது மகள்.

“ஓவர்சியர் ஐயா, பொறத்தால தண்ணி நிக்குது. நாத்தம் தாங்கல. எப்பங்கய்யா கால்வா வெட்டுவீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“அடுத்த மாசம்மா.”

மூன்று மாதம் இதையே சொன்னேன். நடுவில் புது எஸ்டிமேட் ஒன்று போட்டுத் தலைமைக் குமாஸ்தாவிடம் கொண்டுபோனேன். அவர் எங்கள் தமிழ் ஆள்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஃபைல்ல கால்வா இருக்கு லா. இருக்கற கால்வாய்க்கு இன்னொரு எஸ்டிமேட்ட எப்படி அனுப்பறது? இல்லேன்னு எழுதினா மொதல்ல போறது ஒன் வேலதான்.”

எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். ஊரில் பாதி அயோக்கியத்தனம் இதைச் சொல்லித்தான் நடக்கிறது, நானும் சொன்னேன்.

ஏப்ரல் மழையில் அந்த அழுக்குத் தண்ணீர் அவள் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. லயனில் பலருக்கு வயிற்றுப்போக்கு. மற்றவர்கள் தேறினார்கள். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்துப்போனது.

அதற்குப் பிறகு சுகாதார அதிகாரி வந்து பார்த்து, தண்ணீர் தேங்குகிறது என்று எழுதினார். இலாகா அசைந்தது. அப்போதும் கால்வாயே இல்லை என்று ஒருவரும் எழுதவில்லை. ‘கால்வாய் பழுதுபார்த்தல்’ என்று எழுதினோம். அது தலைமைக் குமாஸ்தாவின் மூளை. வருஷாந்தரப் பழுதுவேலைக்கான பணத்தில், எங்கள் கூலிகளைக் கொண்டே, இல்லாத கால்வாயைப் பழுது பார்த்தோம். எட்டு நாளில் முடிந்துவிட்டது.

முடிந்த அன்று அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டேன். அவள்தான் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். டேப்பை நீட்டி நீட்டி ஓடை வரை அளந்துகொண்டு போனோம்.

“எவ்வளவுங்கய்யா?”

“இருநூறு.”

“போன வருசமே இருநூறுன்னு எழுதிட்டீங்களாமே. ஆபீஸ் பியூன் சொன்னாரு.” அவள் குரலில் கோபம் இல்லை. “அன்னைக்கி இந்த மொனைய யாருங்கய்யா பிடிச்சா?”

அவள் முனையை விடாமல் குந்தியிருந்தாள்.

“யாரும் பிடிக்கலம்மா” என்றேன்.

அவள் முனையை மெதுவாகக் கீழே வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இருநூறு என்று எழுதினேன். இந்தத் தடவை அது உண்மை.